கார்ட்லெஸ் போன், பேபி மானிட்டர் பேட்டரி சீக்கிரம் இறங்குதா? சரியான செல் பார்த்து மாத்துறது எப்படி

ராத்திரி முழுக்க பேஸ்ல வெச்சு எடுத்த ஹேண்ட்செட், ஸ்க்ரீன்ல மூணு கட்டமும் நிறைஞ்சு காட்டுது, ஆனா போன் எடுத்து அஞ்சு நிமிஷம் பேசுறதுக்குள்ள பீப் பீப்னு கத்திட்டு கட் ஆயிடுது. பேபி மானிட்டர்லயும் இதே கதைதான், அம்மா கையில இருக்கிற யூனிட்ட சார்ஜர்ல இருந்து கழட்டி அடுப்படிக்கு எடுத்துட்டுப் போனா அரை மணி நேரம்கூட தாங்கல. நிறைய பேர் இதைப் பார்த்துட்டு செட்டே போயிடுச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறாங்க. பெரும்பாலும் செட் நல்லாத்தான் இருக்கும், உள்ள இருக்கிற ரெண்டு மூணு சின்ன செல்தான் வயசாகிப் போயிருக்கும். அதை மாத்துறது கஷ்டமில்ல, ஆனா தப்பான செல்லப் போட்டா செட் கெடுறது மட்டுமில்ல, சில நேரம் ஆபத்தும்கூட. அதனால எதை எந்த வரிசையில பார்க்கணும்னு இதுல முழுசா எழுதுறேன்.

கடைக்குப் போனா எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை எம்ஏஹெச்?"னுதான், அதாவது செல்லுக்குள்ள எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு. உண்மையில அது கடைசியா பார்க்க வேண்டிய விஷயம். முதல்ல செல் என்ன வகை, அடுத்து எத்தனை செல், என்ன சைஸ், அப்புறம் ஒயர் எந்தப் பக்கம் ப்ளஸ் எந்தப் பக்கம் மைனஸ், இதெல்லாம் சரியா இருந்தா அதுக்கப்புறம்தான் எம்ஏஹெச்.

முதல்ல பேட்டரிதான் காரணமான்னு உறுதி பண்ணிக்கோங்க

செல் வாங்குறதுக்கு முன்னாடி காசு செலவில்லாம பார்க்க வேண்டியது ரெண்டு மூணு இருக்கு. நம்ம வீடுகள்ல ரொம்ப சாதாரணமா நடக்குற ஒண்ணு, ராத்திரி படுக்கப் போறப்ப பேஸோட ப்ளக் பாயிண்ட் ஸ்விட்சையும் சேர்த்து ஆஃப் பண்ணிடுறது. பேஸுக்கு கரண்ட் இல்லேன்னா ஹேண்ட்செட் சும்மா தூங்காது, பேஸ் எங்கன்னு விடாம தேடிட்டே இருக்கும், அந்தத் தேடல்லயே பேட்டரி நிறைய செலவாகும், அதோட சார்ஜும் ஏறாது. காலையில எடுத்தா காலி. இந்தப் பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்திட்டு ரெண்டு நாள் பாருங்க. மாடியில, தூரத்து ரூம்ல சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல ஹேண்ட்செட்ட வெச்சிருந்தாலும் இதேதான் நடக்கும்.

அடுத்தது சார்ஜ் ஏத்துற பின். ஹேண்ட்செட் அடியில ரெண்டு சின்ன உலோகப் பட்டை இருக்கும், பேஸ்லயும் ரெண்டு ஸ்ப்ரிங் பின் இருக்கும். கை வியர்வை, தூசி, அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதுமேல ஒரு மெல்லிய படலம் படிஞ்சிரும். பென்சில் ரப்பரால தேச்சுவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைங்க. பேட்டரி மூடியத் திறந்து உள்ள செல் தொடுற ஸ்ப்ரிங்கையும் பாருங்க, பச்சையாவோ வெள்ளைத் தூளாவோ இருந்தா ஏதோ ஒரு செல் லீக் ஆயிருக்கு. அப்புறம் அடாப்டர். தொலைஞ்சுபோன அடாப்டருக்குப் பதிலா வீட்ல கிடந்த வேற எதையாவது மாட்டியிருந்தா, அதுமேல எழுதியிருக்கிற வோல்ட்டும் பேஸ் அடியில எழுதியிருக்கிற வோல்ட்டும் ஒண்ணான்னு பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் பேட்டரி இறங்குதுன்னா, சார்ஜ் எவ்வளவு நேரத்துல நிறையுதுன்னு கவனிங்க. காலியான ஹேண்ட்செட்ட பேஸ்ல வெச்ச கொஞ்ச நேரத்துலயே எல்லா கட்டமும் நிறைஞ்சிடுச்சு, ஆனா பேச ஆரம்பிச்சதும் சரசரன்னு கீழ இறங்குதுன்னா அது செத்துக்கிட்டிருக்கிற செல்லோட தெளிவான அடையாளம். செல் பழசாக பழசாக உள்ள இருக்கிற ஈரம் குறைஞ்சு அதோட உள்தடை, அதாவது கரண்ட் போறத உள்ளயே தடுக்கிறது, ஏறிடும். அதனால கொஞ்சம் கரண்ட் உள்ள போனதுமே வோல்ட் மேல எகிறும், கொஞ்சம் வெளிய எடுத்ததுமே கீழ விழுந்துரும். போன் பெரும்பாலும் வோல்ட்ட வெச்சுத்தான் கட்டம் காட்டுது, அதான் நம்மள ஏமாத்துது. சேறு படிஞ்ச தண்ணித் தொட்டி மாதிரிதான், கொஞ்சம் ஊத்துனாலே மட்டம் மேல வந்துரும், ஆனா உள்ள இருக்கிற தண்ணி நாலு குடம்கூட தேறாது.

மூடியத் திறந்து என்ன இருக்குன்னு பாருங்க

உள்ள மூணுல ஒண்ணு இருக்கும். சாதாரண டார்ச்ல போடுற மாதிரி தனித்தனியா கழட்டுற ரெண்டு ட்ரிபிள் ஏ செல் இருக்கலாம், இப்போ விக்கிற டெக்ட் கார்ட்லெஸ் போன்கள்ல நிறைய இப்படித்தான், ஆடியோ மட்டும் வர்ற பேபி மானிட்டர்கள்லயும் உண்டு. இல்லேன்னா மூணு செல்ல பக்கத்துல பக்கத்துல அடுக்கி பிளாஸ்டிக் உறை சுத்தி ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் சின்ன கனெக்டர்ல முடியுற பேக் இருக்கும், பழைய கார்ட்லெஸ் போன், ஸ்க்ரீன் வெச்ச பேபி மானிட்டர் நிறையவுல இது. மூணாவது, தட்டையா வெள்ளிக் கலர்ல செல்போன் பேட்டரி மாதிரி ஒண்ணு. அது லித்தியம்.

மேல எழுதியிருக்கிறத ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஒயர் இருந்தா கனெக்டர் செட்டுல மாட்டியிருக்கிறப்பவே சிவப்பு எந்தப் பக்கம்னு தெரியுற மாதிரி ஒரு போட்டோ. இது அப்புறம் ரொம்ப உதவும்.

இப்போ வகை. என்ஐசிடி, அதாவது நிக்கல் காட்மியம், ரொம்பப் பழைய செட்ல இருக்கும். என்ஐஎம்ஹெச், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, இதுதான் இப்போ அதிகம். ரெண்டுமே ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். லித்தியம் அயான் ஒரு செல்லுக்கு 3.6 இல்ல 3.7 வோல்ட். இங்கதான் பெரிய குழப்பம் வருது, கவனமா படிங்க. மூணு என்ஐஎம்ஹெச் செல்ல வரிசையா சேர்த்தா 3 × 1.2 = 3.6 வோல்ட். ஒரே ஒரு லித்தியம் செல்லும் 3.6 வோல்ட்னு எழுதியிருக்கலாம். நம்பர் ஒண்ணா இருக்கேன்னு மாத்திப் போட்டா விபரீதம்.

ஏன்னா நிக்கல் செல்லுக்குன்னு செஞ்ச பேஸ், செல் நிறைஞ்ச பிறகும் ரொம்பச் சின்ன கரண்ட்ட விடாம அனுப்பிட்டே இருக்கும், ட்ரிக்கிள் சார்ஜ்னு சொல்வாங்க. நிக்கல் செல் அந்த மிச்சத்த சூடா வெளிய விட்டு சமாளிச்சுக்கும். லித்தியம் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதை 4.2 வோல்ட்ல நிறுத்தியே ஆகணும், தாண்டிப் போனா வீங்கும், தீப்பிடிக்கலாம். குழந்தை தூங்குற ரூம்ல வைக்கிற பொருள், இதுல அனுமானத்துக்கு இடமே இல்ல. எந்த வகை எழுதியிருக்கோ அதே வகை, அவ்வளவுதான். விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு, பழைய என்ஐசிடிக்குப் பதிலா என்ஐஎம்ஹெச் போடுறது, அதுக்கு கீழ வர்றேன்.

ட்ரிபிள் ஏ சைஸ்ல இருக்குங்கிறதுக்காக எதையும் உள்ள போட்டுறாதீங்க. கடிகாரத்துல, ரிமோட்ல போடுற சாதாரண 1.5 வோல்ட் ஆல்கலைன் செல்ல ஹேண்ட்செட்ல போட்டா போன் வேலை செய்யும், அதனாலதான் பலர் அப்படியே விட்டுடுறாங்க, ஆனா பேஸ்ல வெச்சதும் சார்ஜ் ஏத்த முடியாத செல்லுக்குள்ள கரண்ட் போக ஆரம்பிக்கும், கொஞ்ச நாள்ல லீக் ஆகி ஸ்ப்ரிங், சர்க்யூட் எல்லாத்தையும் அரிச்சுரும். யூஎஸ்பில சார்ஜ் பண்ற 1.5 வோல்ட் ரீசார்ஜபிள்னு புதுசா வருதே, அது உள்ள லித்தியம் செல்லும் ஒரு குட்டி சர்க்யூட்டும் வெச்சது, அதையும் பேஸ் மூலமா சார்ஜ் ஏத்த முடியாது. எல்லாத்தையும் விட மோசமானது 10440ங்கிற லித்தியம் செல், அச்சு அசல் ட்ரிபிள் ஏ சைஸ்லயே இருக்கும், ஆனா ஒண்ணு 3.7 வோல்ட், ரெண்டு போட்டா 7.4. 2.4 வோல்ட் எதிர்பார்க்கிற போனுக்குள்ள அது போனா போன் அங்கேயே முடிஞ்சுது.

எந்த செல் கெட்டதுன்னு மீட்டர் வெச்சு பார்க்கிறது

மல்டிமீட்டர் இருந்தா நல்லது, இல்லேன்னா ஒரு எளிய வழி இருக்கு. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்திட்டு, காலையில யாருக்காவது போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு நேரம் பாருங்க. மேனுவல்ல 10 மணி நேரம் பேசலாம்னு இருந்து உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட வரலேன்னா செல் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

மீட்டர் இருந்தா செல்ல வெளிய எடுத்து சும்மா வோல்ட் பார்த்து நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. செத்த செல்லும் வேலை இல்லாம சும்மா இருக்கிறப்ப 1.3 வோல்ட் காட்டும். அதுக்கு ஒரு சுமை குடுத்துப் பார்க்கணும். எலக்ட்ரானிக்ஸ் கடையில 4.7 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்குங்க, ரெண்டு மூணு ரூபாய்தான் வரும். நிறைஞ்ச செல்லோட ரெண்டு முனையிலயும் ரெசிஸ்டர் காலைப் பிடிச்சுட்டு, அதே முனையில மீட்டர வெச்சு அரை நிமிஷம் பாருங்க. இப்போ செல்லுல இருந்து சுமார் 260 மில்லி ஆம்ப் போகும், ரெசிஸ்டர் சூடாகும், அதனால விரலால பிடிக்காம டேப் போட்டோ கிளிப் போட்டோ பிடிங்க. நல்ல செல் 1.2 வோல்ட் பக்கத்துலயே நிக்கும். 1.1க்குக் கீழ போனா வயசாயிடுச்சு. 1.0க்குக் கீழ சரிஞ்சுட்டே போனா அது போயிடுச்சு.

எங்க அக்கா வீட்ல இருந்த பேபி மானிட்டர வெச்சே சொல்றேன். ஸ்க்ரீன் வெச்சது, உள்ள 3.6 வோல்ட் 900 எம்ஏஹெச் என்ஐஎம்ஹெச் பேக், மூணு ட்ரிபிள் ஏ செல் சேர்த்தது. சார்ஜர்ல இருந்து எடுத்தா இருபது நிமிஷத்துல அணைஞ்சுரும். பேக்கோட மொத்த வோல்ட் பார்த்தா 3.9, பார்க்க ஜம்முன்னு இருக்கு. உறைய ப்ளேடால மெதுவா கீறி ஒவ்வொரு செல்லா சுமை குடுத்துப் பார்த்தா முதல் ரெண்டும் 1.14, 1.12னு நின்னுது, மூணாவது மட்டும் 0.6க்கு விழுந்துட்டுது. அந்த ஒரு செல்தான் மொத்தத்தையும் இழுத்துக் கீழ தள்ளினது.

"அக்கா, ஒரு செல்தான் போயிருக்கு"ன்னதும் "அப்ப அதை மட்டும் மாத்திரு தம்பி"ன்னாங்க. அப்படிச் செய்யக் கூடாது. வரிசையா சேர்த்த செல்கள்ல ஒண்ணு மட்டும் சீக்கிரம் காலியாச்சுன்னா, மிச்சம் ரெண்டும் அதுக்குள்ள கரண்ட்ட தலைகீழா தள்ளும், அதுக்குப் பேர் ரிவர்ஸ் சார்ஜ், பலவீனமான செல் சாகிறதே பெரும்பாலும் அதாலதான். புதுசு ஒண்ணையும் பழசு ரெண்டையும் சேர்த்தா இப்போ பழசுல ஒண்ணு அந்த இடத்துக்கு வந்துரும். அதனால ரெண்டு செல்னா ரெண்டையும், மூணுன்னா மூணையும், ஒரே கம்பெனி ஒரே பாக்கெட்ல இருந்து மாத்துங்க.

இப்போ எம்ஏஹெச், எவ்வளவு வேணும்?

பழைய செல்ல எழுதியிருக்கிறதுக்குச் சமமா, இல்ல கொஞ்சம் கூட. இதான் பதில், ஆனா ஏன்னு சொன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். நிக்கல் செல்ல ஏத்துறப்ப கொஞ்சம் சூடா வீணாகும், அதனால செல்லோட அளவைவிட சுமார் 1.4 மடங்கு அனுப்பணும். உங்க போன்ல 550 எம்ஏஹெச் செல், மேனுவல்ல முழு சார்ஜுக்கு 7 மணி நேரம்னு போட்டிருந்தா, 550 × 1.4 ÷ 7 = 110. ஆக உங்க பேஸ் சுமார் 110 மில்லி ஆம்ப் குடுக்குது. அதே பேஸ்ல 800 எம்ஏஹெச் செல் போட்டா 800 × 1.4 ÷ 110, பத்து மணி நேரம் ஆகும். ராத்திரி வெச்சா காலையில ரெடி, பிரச்சனையே இல்ல. 1000க்கு மேல போனா பதிமூணு மணி நேரம் ஆகும், சில பேஸ்ல டைமர் வெச்சு நேரம் முடிஞ்சதும் சார்ஜ குறைச்சுருவாங்க, அப்போ நீங்க காசு குடுத்து வாங்குன அந்த மேல் பகுதி நிறையவே நிறையாது. ஆபத்து இல்ல, வீண்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரே சைஸ் டப்பாவுக்குள்ள நிறைய எம்ஏஹெச் அடைக்கணும்னா உள்ள தகடுகளுக்கு நடுவுல இருக்கிற பிரிக்கிற தாள மெல்லிசாக்கணும், அதனால அந்த மாதிரி செல்லுக்கு ஆயுள் குறைவு. எனலூப்னு பேர் பெத்த செல் இருக்கே, அதுல சாதாரண ட்ரிபிள் ஏ 750 எம்ஏஹெச் பக்கம், 2100 தடவை சார்ஜ் பண்ணலாம்னு கம்பெனி சொல்றாங்க, அதே கம்பெனியோட ப்ரோ 900க்கு மேல, ஆனா 500 தடவைதான். பேஸ்லயே எந்நேரமும் உக்காந்திருக்கிற போனுக்கு சாதாரணதுதான் சரி. அதே வரிசையில லைட்னு 550 எம்ஏஹெச் செல்லும் உண்டு, கார்ட்லெஸ் போன் மாதிரி பொருளுக்குன்னே விக்கிறது, கம்மி எம்ஏஹெச்னு அதைத் தள்ளிடாதீங்க, அது நீண்ட நாள் உழைக்கிற செல்.

எந்த கம்பெனி வாங்கினாலும் பரவாயில்ல, பாக்கெட்ல "லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்" இல்லேன்னா "ரெடி டு யூஸ்", "ப்ரீ சார்ஜ்டு"ன்னு போட்டிருக்கிற என்ஐஎம்ஹெச்சா பார்த்து எடுங்க. சும்மா வெச்சாலே தானா காலியாகுறது இதுல ரொம்பக் குறைவு, பேபி மானிட்டர ஊருக்கு எடுத்துட்டுப் போற அன்னிக்குக்கூட சார்ஜ் அப்படியே நிக்கும்.

ஆன்லைன்ல ட்ரிபிள் ஏ சைஸ்ல 1500, 2000 எம்ஏஹெச்னு போட்டு விக்கிறாங்கள்ல, அது பொய். அந்த சைஸ்ல என்ஐஎம்ஹெச் 1100ஐ ஒட்டித்தான் போக முடியும். சந்தேகம்னா நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன தராசுல வெச்சு எடை பாருங்க, நல்ல 800 எம்ஏஹெச் ட்ரிபிள் ஏ செல் 12, 13 கிராம் இருக்கும், அதைவிட ரொம்ப லேசா இருந்தா உள்ள சரக்கு கம்மி. இந்தியாவுல விக்கிற ரீசார்ஜபிள் செல்லுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், மேல ஐஎஸ் 16046னும் ஆர்-னு ஆரம்பிக்கிற ஒரு நம்பரும் இருக்கணும், அந்த நம்பர பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா யாரோட பதிவுன்னு காட்டும். லோக்கல் கடையில வாங்குறப்ப தயாரிச்ச மாசத்தையும் பாருங்க, ரொம்ப நாளா கடையிலயே தூசி பிடிச்சுக் கிடந்த செல் காலியாகி, ஆழமா இறங்கி, பாதி ஆயுள அங்கேயே தொலைச்சிருக்கும்.

பழைய என்ஐசிடி செட்டுக்கு இப்போ வரலாம். அந்த பேஸ்ங்க ரொம்ப மெதுவா, 300 எம்ஏஹெச் பேக்குக்கு 30 மில்லி ஆம்ப் மாதிரி, நாள் முழுக்க ஏத்திட்டே இருக்கும். என்ஐஎம்ஹெச் செல்லுக்கு என்ஐசிடி அளவுக்கு ஓவர் சார்ஜ தாங்குற சக்தி கிடையாது. அதனால இங்க மட்டும் எம்ஏஹெச் கூட இருக்கிறது நமக்கு நல்லது, 600 எம்ஏஹெச் என்ஐஎம்ஹெச் போட்டா அதே 30 மில்லி ஆம்ப் அதுக்கு இருபதுல ஒரு பங்குதான், செல் சூடாகாம தாங்கும். முதல் தடவை நிறைய ஒரு நாளுக்கு மேலேயே ஆகும், அது பரவாயில்ல.

சைஸ்

ட்ரிபிள் ஏ 10.5 மில்லிமீட்டர் குறுக்களவு, 44.5 நீளம். ஆனா பழைய பேக்ல குட்டையான செல்லும் வரும், மூணுல ரெண்டு பங்கு டபுள் ஏன்னு சொல்வாங்க, டபுள் ஏ மாதிரியே தடியா 14 மில்லிமீட்டர், நீளம் மட்டும் 28, 29. கண்ணால பார்த்து முடிவு பண்ணாம ஸ்கேல் வெச்சு அளந்துட்டுப் போங்க. பேக்ல மூணும் பக்கவாட்டுல இருக்கா, ரெண்டு கீழ ஒண்ணு மேல முக்கோணமா இருக்கான்னும் பாருங்க, மூடி மூடணும்ல. தனி செல் போடுற போன்ல ப்ளஸ் பக்கம் குமிழ் துருத்திட்டு இருக்கிற செல்லா வாங்குங்க, தட்டை முனை செல் பேக் கட்டுறதுக்கானது, ஸ்ப்ரிங்கோட ஒட்டாம போகலாம்.

ஒயர் வெச்ச பேக்க மாத்துறது

உங்க மாடலுக்குன்னே ரெடிமேட் பேக் கிடைச்சா அதையே வாங்குங்க, வேலை மிச்சம். ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிதானிங்க. கனெக்டர் வெளிய பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள எந்தப் பின் ப்ளஸ்ங்கிறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. கனெக்டர் பொருந்துதுன்னு தலைகீழா மாட்டிட்டா செட்டோட போர்டு ஒரே நொடியில போயிடும். முன்னாடி எடுத்த போட்டோவப் பாருங்க, பழைய பேக்கையும் புது பேக்கையும் ஒரே திசையில பக்கத்துல பக்கத்துல வெச்சு சிவப்பு ஒயர் ஒரே பக்கம் வருதான்னு பாருங்க, கலர மட்டும் நம்பாம மீட்டர் வெச்சும் ஒரு தடவை உறுதி பண்ணுங்க.

மாறி இருந்தா பதற வேண்டியதில்ல. கனெக்டர் பக்கவாட்டுல சின்ன ஜன்னல் மாதிரி ஓட்டை தெரியும், அதுக்குள்ள பின்னோட நாக்கு ஒண்ணு தூக்கிட்டு நிக்கும், இல்ல பிளாஸ்டிக்லயே ஒரு சின்ன தாழ்ப்பாள் இருக்கும். தையல் ஊசி முனையால அதை லேசா அமுக்கிட்டு ஒயரப் பின்னால இழுத்தா பின் வெளிய வந்துரும். முதல் பின்னை எடுத்ததும் அதுமேல டேப் சுத்திருங்க, அப்புறம்தான் அடுத்தது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொட்டுட்டா ஷார்ட் ஆகி ஒயர் பழுத்துரும். இடம் மாத்தி உள்ள தள்ளுறப்ப நாக்கு திரும்ப க்ளிக்குன்னு மாட்டணும்.

ரெடிமேட் கிடைக்கலேன்னா நிக்கல் பட்டை ஏற்கனவே ஒட்டியிருக்கிற செல்லா வாங்கி நாமளே கட்டலாம். அக்கா மானிட்டருக்கு அப்படித்தான் செஞ்சேன், பட்டை வெச்ச 800 எம்ஏஹெச் லோ செல்ஃப் டிஸ்சார்ஜ் ட்ரிபிள் ஏ மூணு. எழுதியிருந்தது 900 ஆச்சே, 800 போதுமான்னு கேக்கலாம், புது நிலைமையில அந்த பேக் சுமார் மூணு மணி நேரம் நின்னுது, இது ரெண்டரை மணி நேரத்துக்கு மேல நிக்குது, அதோட கூட நாள் உழைக்கும். ஆனா மெதுவா சார்ஜ் ஏத்துற செட்னாதான் இப்படிக் கொஞ்சம் குறைக்கலாம், ரொம்பக் குறைச்சா அதே கரண்ட் சின்ன செல்லுக்கு அதிகமாகி சூடாகும்.

செல்கள மாத்தி மாத்தி, ஒண்ணு ப்ளஸ் மேல, அடுத்தது மைனஸ் மேலன்னு அடுக்கி, ஒண்ணோட ப்ளஸ்ஸ அடுத்ததோட மைனஸோட பட்டை வழியா சேர்க்கணும். சால்டரிங் பட்டைமேல மட்டும், செல்லோட முனையில நேரா அயர்ன வைக்கவே கூடாது, அந்த சூட்டுல உள்ள இருக்கிற சீலும் பிரிக்கிற தாளும் உருகிரும். பழைய பேக்ல இருந்து கனெக்டர வெட்டுறப்ப ரெண்டு ஒயரையும் ஒரே வெட்டுல வெட்டாதீங்க, கத்தரிக்கோலே ரெண்டையும் சேர்த்து ஷார்ட் பண்ணிரும், ஒண்ணை வெட்டி டேப் சுத்திட்டு அடுத்தத வெட்டுங்க. ஒட்டுன இடத்துக்கெல்லாம் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, மொத்தத்துக்கும் இன்சுலேஷன் டேப் சுத்தி, கனெக்டர்ல 3.6ல இருந்து 4.2க்குள்ள வோல்ட் வருதா, ப்ளஸ் சரியான பக்கம் இருக்கான்னு பார்த்துட்டு மாட்டுங்க.

மூணாவதா ஒரு ஒயர் இருந்தா, வெள்ளையோ மஞ்சளோ, அது பெரும்பாலும் பேக் சூட்ட அளக்கிற தெர்மிஸ்டர். அது இல்லாம பேக் கட்டினா செட் சார்ஜ் ஏத்தவே மறுக்கலாம், இல்ல சூடு தெரியாம ஏத்திட்டே இருக்கலாம். மூணு ஒயர்னா அந்த மாடல் பேக்கேதான் தேடி வாங்கணும்.

லித்தியம் பேக்னா

இதை வீட்ல கட்டாதீங்க. பேக்மேல 503450 மாதிரி ஆறு இலக்க நம்பர் இருக்கும், அதுக்கு 5 மில்லிமீட்டர் கனம், 34 அகலம், 50 நீளம்னு அர்த்தம். அதே அளவு, அதே வோல்ட், அதே ஒயர் எண்ணிக்கை, பாதுகாப்பு சர்க்யூட் வெச்சதுன்னு எழுதியிருக்கிற பேக் வாங்கி ப்ளஸ் மைனஸ் பார்த்து மாட்டுங்க. பழசு தலையணை மாதிரி உப்பியிருந்தா, மூடி தானா தூக்கியிருந்தா, அந்த நிமிஷமே சார்ஜர்ல இருந்து எடுத்துருங்க, அமுக்கவோ குத்தவோ கூடாது, குழந்தை ரூம்ல வைக்கவே கூடாது.

போட்ட பிறகு

முதல் தடவை மேனுவல்ல சொன்ன நேரம் முழுக்க, தெரியலேன்னா ராத்திரி பூரா, தொந்தரவு பண்ணாம சார்ஜ்ல விடுங்க. ரெண்டு மூணு தடவை நல்லா இறக்கி ஏத்துற வரைக்கும் கட்டம் காட்டுறது கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும். முதல் ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா சரி, கை வைக்க முடியாத சூடுன்னா உடனே எடுத்துட்டு செல் வகைய, ப்ளஸ் மைனஸ திரும்பப் பாருங்க.

அதுக்கப்புறம் ஆயுள தீர்மானிக்கிறது சூடுதான். பேஸ டிவி மேல, செட் டாப் பாக்ஸ் பக்கத்துல, வெயில் அடிக்கிற ஜன்னல்ல வைக்காதீங்க, 40 டிகிரிக்கு மேல போனா நிக்கல் செல் சார்ஜையே சரியா வாங்கிக்காது, போன கரண்ட் எல்லாம் இன்னும் சூடாத்தான் மாறும். நம்ம ஊரு ஏப்ரல், மே மாசத்துல அந்த ஜன்னல் ஓரம் ரொம்ப சுலபமா 40ஐத் தாண்டும். பேஸ்லயே வெச்சிருக்கலாமா, தினமும் முழுசா இறக்கணுமான்னு கேக்குறவங்களுக்கு, தினமும் இறக்க வேண்டாம், காலியாகிற வரைக்கும் வற்புறுத்தி ஓட்டுறதுதான் செல்ல ரிவர்ஸ் சார்ஜுக்குத் தள்ளும். சாதாரணமா பயன்படுத்துங்க, பகல்ல அப்பப்ப பேஸ விட்டு வெளிய வையுங்க, அது போதும். நல்ல செல்னா ரெண்டு மூணு வருஷம் கவலையில்லாம ஓடும். மாத்துன மாசத்தையும் வருஷத்தையும் மார்க்கர்ல செல்மேலயே எழுதி வையுங்க.

கழட்டுன பழசுங்கள முனையில டேப் ஒட்டி தனியா வெச்சிருந்து இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுங்க, என்ஐசிடின்னா கட்டாயம், காட்மியம் விஷ உலோகம், அது குப்பைத் தொட்டி வழியா மண்ணுக்குப் போகக் கூடாது. குழந்தை வளர்ந்து மானிட்டர பெட்டிக்குள்ள வைக்கிறப்ப பேக்கோட கனெக்டரக் கழட்டிட்டு வையுங்க, மாட்டியே வெச்சா சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி செல்ல அடிமட்டத்துக்கு இறக்கிரும், அடுத்த குழந்தைக்கு எடுக்கிறப்ப திரும்பவும் புது பேக் தேட வேண்டி வரும்.